லடாக் ஏறும் லாரியில் டீசல் மெழுகாவது எப்படி

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் குளிர்கால டீசலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான அந்த டீசல் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாது என்று செய்திகள் வந்தன. லே, கார்கில் பகுதிகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்குவதுண்டு. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று படித்தவர்கள் எண்ணியிருப்பார்கள். உண்மையில் அந்த மைனஸ் 33 என்பது டீசல் முழுவதுமாக ஓட்டம் இழக்கும் எல்லையைக் குறிக்கும் எண். லாரி அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை. டேங்கில் டீசல் நன்றாகவே தளும்பிக்கொண்டிருக்கும்போது, நூற்றில் ஒரு பங்கு மெழுகு பிரிந்தாலே எஞ்சின் நின்றுவிடும். நிறுத்துவது ஃபில்டர்.

இது நம் ஊர் ஓட்டுநர்களுக்குத் தொலைவான செய்தியல்ல. நாமக்கல், சங்ககிரி லாரிகள் ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் வரை போகின்றன. சென்னையில் டிசம்பர் இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், டீசலுக்குள் மெழுகு இருக்கிறது என்பதையே இங்கே ஒருவர் வாழ்நாள் முழுக்க அறியாமல் வண்டி ஓட்டிவிடலாம்.

மெழுகு டீசலில் யாரும் கலந்த பொருளல்ல. டீசலின் ஓர் அங்கமே அதுதான். கச்சா எண்ணெயிலிருந்து காய்ச்சி வடிக்கப்படும் டீசலில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. ஒரு மூலக்கூறில் ஏறத்தாழ 10 முதல் 22 கார்பன் அணுக்கள் வரை இருக்கும். இவற்றில் சில வளையமாக இருக்கும், சில கிளைவிட்டிருக்கும், சில ஒரே நேர்ச்சங்கிலியாக நீளும். அந்த நேர்ச்சங்கிலிச் சேர்மங்களைத்தான் பாரஃபின் மெழுகு என்கிறோம். கிளைவிட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிய முடியாமல் கோணல்மாணலாகக் கிடக்கும். அவற்றை உறைய வைப்பது எளிதல்ல. நேர்ச்சங்கிலிகள் பக்கத்தில் பக்கமாக அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கினால் படிகம் பிறக்கும். சங்கிலி நீள நீள அது உருகும் வெப்பநிலையும் ஏறும். 12 கார்பன் உள்ள டோடெக்கேன் மைனஸ் 10 டிகிரியில் உறைகிறது. 16 கார்பன் உள்ள ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். 20 கார்பனுக்குப் போனால் 36 டிகிரிக்கு மேல். அதாவது இந்த நீண்ட சங்கிலிகளைத் தனியே பிரித்துக் கிண்ணத்தில் வைத்தால் சென்னையின் சாதாரண நாளிலும் திடப்பொருளாகவே இருக்கும். டீசலில் அவை திரவமாகத் தெரிவதற்குக் காரணம், மற்ற சேர்மங்களில் கரைந்திருப்பதுதான்.

அப்படியானால் இந்த மெழுகை நீக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேற்றிய காற்றுக்குள் தெளித்தவுடன் எரிபொருள் தானாகப் பற்ற வேண்டும். அப்படி விரைவாகப் பற்றும் குணத்தை அளப்பது செட்டேன் எண். அந்த அளவுகோலில் 100 என்று நிர்ணயிக்கப்பட்ட பொருள் எது தெரியுமா? 18 டிகிரியில் உறைவதாக மேலே சொன்ன அதே ஹெக்ஸாடெக்கேன்தான். நன்றாக எரியும் பகுதியும் முதலில் உறையும் பகுதியும் ஒன்றாகவே இருப்பதால், மெழுகை அடியோடு எடுத்தால் டீசலின் தரம் விழும். பாரத் ஸ்டேஜ் 6 டீசலுக்குச் செட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி. சுத்திகரிப்பு ஆலை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

இனி குளிரும்போது நடப்பதைப் பார்ப்போம். வெப்பநிலை இறங்க இறங்க டீசலின் கரைக்கும் திறன் குறைகிறது. ஓர் எல்லையில், மிக நீண்ட சங்கிலிகள் கரைசலில் நிற்க முடியாமல் வெளியே வருகின்றன. கண்ணுக்குத் தெளிவாக இருந்த டீசலில் மெல்லிய வெண்புகை படர்ந்ததுபோல் ஒரு கலங்கல் தெரியும். இதுதான் கலங்கும் வெப்பநிலை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் வெளுப்பதை நினைத்துக்கொள்ளலாம்; ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் கெட்டியாகிவிடும், டீசலில் உறைவது மிகச் சிறு பகுதி மட்டுமே. அந்தச் சிறு பகுதி தட்டைத் தட்டையான, சாய்சதுர வடிவச் செதில்களாக வளர்கிறது. ஒரே எடையுள்ள மெழுகு உருண்டைகளாக இருந்தால் துளைகளுக்குள் புகுந்தாவது போகும். செதில்களாக இருப்பதால் துளையின் மேல் மூடிபோல் படுத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வலைபோல் பின்னிக்கொள்ளும்போது, இடையில் அகப்பட்ட திரவ டீசலும் அசைய முடியாமல் போகிறது. பிரிந்த மெழுகு நூற்றுக்குச் சில பங்கு ஆனாலே டீசல் முழுவதும் கூழாகத் தெரிவது இந்தப் பின்னலால்தான்.

ஆக ஒரே டீசலுக்கு மூன்று எல்லைகள் இருக்கின்றன. முதலில் கலங்கும் வெப்பநிலை. அதற்குச் சற்றுக் கீழே ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை. இதைத் துறையில் சி.எஃப்.பி.பி. என்பார்கள். அதற்கும் கீழே ஓட்டம் நிற்கும் வெப்பநிலை. கடைசி எல்லையைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது: குளிர்வித்த டீசல் உள்ள குப்பியைப் படுக்கை நிலைக்குச் சாய்த்து ஐந்து விநாடி பார்ப்பார்கள். டீசல் அசையவே இல்லையென்றால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஒரு குப்பிக்குள் சற்றே நெளிந்தாலும் “ஓடுகிறது” என்று கணக்கிடும் இந்தச் சோதனை, குழாய் வழியே எண்ணெய் இறைப்பவர்களுக்குப் பயன்படும். வண்டி ஓட்டுபவருக்கு அதனால் அதிகப் பயனில்லை. நடு எல்லைக்கான சோதனை வேறு விதமானது. 20 மில்லிலிட்டர் டீசலை ஒரு கம்பி வலை வழியாக மெல்லிய உறிஞ்சலில் இழுப்பார்கள். ஒவ்வொரு டிகிரியாகக் குளிர்வித்துக்கொண்டே போய், 60 விநாடிக்குள் அந்த அளவு வலையைக் கடக்காத வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். லாரியில் நடப்பதற்கு இதுவே நெருக்கமானது.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1460 விதியில் இந்த எண்களைப் பார்த்தால் விஷயம் புரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம் எனக் கொண்டு, அந்த மாதங்களில் சாதாரண டீசலின் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலை 6 டிகிரி வரை இருக்கலாம், ஓட்டம் நிற்கும் வெப்பநிலை 3 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது விதி. மற்ற மாதங்களில் இவை முறையே 18 மற்றும் 15. கழித்தல் குறி விட்டுப்போகவில்லை. இவை சுழியத்துக்கு மேற்பட்ட எண்களே. சமவெளியில் விற்கும் டீசல், தண்ணீர் உறையும் குளிர் வருவதற்கு முன்பே ஃபில்டரை அடைக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. பல ஆலைகளின் டீசல் இதைவிட நன்றாகவே இருக்கும் என்றாலும், ஓட்டுநர் நம்பிக்கை வைக்கக்கூடிய உத்தரவாதம் இவ்வளவுதான். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வகையைத் தேர்ந்துகொள்கிறது. அங்கே மிதமான பகுதிகளுக்கான டீசலில் ஃபில்டர் அடைபடும் எல்லை பிளஸ் 5 முதல் மைனஸ் 20 வரை ஆறு படிகளாக இருக்கிறது, வட துருவப் பகுதிக்கான கடைசி வகையில் மைனஸ் 44 வரை போகிறது.

இப்போது ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். நவம்பர் இறுதி. பஞ்சாப் சமவெளியில் ஒரு பங்க்கில் 300 லிட்டர் டேங்க் நிரப்பப்படுகிறது. டீசல் விதிப்படி சரியானது. 8 டிகிரியில் கலங்கத் தொடங்கும், 6 டிகிரியில் ஃபில்டரை அடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீநகர் வரை எந்தத் தொல்லையும் இல்லை, ஏனென்றால் ஓடும் எஞ்சினிலிருந்து திரும்பும் டீசல் சூடாக இருக்கிறது. அது டேங்கையும் ஓரளவு வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. சோஜிலா கணவாய் திறந்திருந்ததால் லாரி அதைக் கடந்து திராஸ் பக்கம் இரவு நிற்கிறது. வெளியே மைனஸ் 15. தகட்டு டேங்க் காற்றுக்கு முழுவதும் திறந்தே தொங்குகிறது. எஞ்சின் நின்றதும் வெப்பம் வரும் வழி அடைபடுகிறது. விடிவதற்குள் டீசல் சுழியத்துக்கும் கீழே போய்விடும். இரவு முழுவதும் மெல்ல மெல்லக் குளிர்வது இன்னொரு கேடு. ஆய்வகத்தில் வேகமாகக் குளிர்விக்கும்போது பல சிறு படிகங்கள் பிறக்கின்றன. நிதானமாகக் குளிரும்போது படிகங்கள் பெரிதாக வளரவும், எடை கூடி டேங்கின் அடியில் படியவும் அவகாசம் கிடைக்கிறது. உறிஞ்சு குழாயின் வாயும் டேங்கின் அடியருகேதான் இருக்கிறது.

காலையில் சாவி திருப்பினால் எஞ்சின் கிளம்பிவிடும். பலரையும் குழப்புவது இதுதான். ஃபில்டருக்கு அப்பால் பம்ப்பிலும் குழாயிலும் இருக்கும் டீசல் நேற்றே வடிகட்டப்பட்டது. மெழுகு பிரிந்திருந்தாலும் ஐட்லிங்குக்கு வேண்டிய சொற்ப அளவு எப்படியோ வந்துசேர்கிறது. கியர் போட்டு ஏற்றத்தில் மிதித்த சில நிமிடங்களில் இழுவை குறையும், எஞ்சின் தடுமாறும், பிறகு நின்றுபோகும்.

அந்தச் சில நிமிடங்களில் ஃபில்டரில் நடப்பதை உத்தேசமாகக் கணக்கிடலாம். எஞ்சின் எரிப்பதைவிட அதிகமான டீசலை ஊட்டு பம்ப் இழுக்கிறது. மீதி டேங்குக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஃபில்டரைக் கடக்கிறது என்போம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மெழுகு பிரிந்திருந்தால், நிமிடத்துக்குப் 10 மில்லிலிட்டர் மெழுகு ஃபில்டர் தாளுக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர். தூசியைப் பிடிப்பதற்காக உருவாக்கப்பட்ட ஃபில்டர், பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் சிறிதளவு அழுக்கைத் தாங்கும் அளவுக்குத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. இந்த மெழுகைத் தாங்க அதனால் முடியாது. டேங்கில் இருக்கும் 300 லிட்டரில் 297 லிட்டர் இன்னும் திரவம்தான் என்பது எஞ்சினுக்கு எந்த உதவியும் செய்யாது.

இங்கே ஆய்வகச் சோதனையின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையின் கம்பி வலைக் கண் 45 மைக்ரான் அகலம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எரிபொருளை ஒரே பொதுக் குழாயில் தேக்கி இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் இன்றைய காமன் ரயில் எஞ்சின்களில் அது 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் செல்கிறது. எரிபொருளைத் தெளிக்கும் அந்த இன்ஜெக்டர் உள்ளே இருக்கும் இடைவெளிகள் சில மைக்ரான் மட்டுமே. அதற்குள் தூசி புகாமல் இருக்க, ஃபில்டர்களும் பத்து மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகள்களைப் பிடிக்கும்படி செய்யப்படுகின்றன. ஆகவே 45 மைக்ரான் வலையில் தேறிய டீசல் உங்கள் லாரி ஃபில்டரிலும் தேறும் என்று சொல்ல முடியாது. கலங்கும் வெப்பநிலைக்கும் சி.எஃப்.பி.பி.க்கும் இடைப்பட்ட பகுதியிலேயே புதிய வண்டி நிற்கலாம். பழைய பம்ப் வைத்த வண்டி இதே குளிரில் ஓடியதே என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய ஃபில்டர்களின் துளைகள் பெரியவை.

மலை உயரமும் சேர்ந்து வேலை செய்கிறது. பல லாரிகளில் தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், டேங்குக்கும் ஊட்டு பம்ப்புக்கும் இடையில் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. பம்ப் உறிஞ்சுகிறது என்று நாம் சொன்னாலும், டீசலை டேங்கிலிருந்து மேலே தள்ளுவது வளிமண்டல அழுத்தம்தான். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அந்த அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. தள்ளும் விசை குறைந்த இடத்தில், சமவெளியில் சமாளித்திருக்கக்கூடிய அரைகுறை அடைப்பும் வண்டியை நிறுத்தப் போதுமானதாகிவிடுகிறது. மெழுகு பற்றிப் பேசும் பலரும் குளிரோடு நின்றுவிடுகிறார்கள். லடாக் சாலையில் உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நின்ற வண்டியில் காரணம் மெழுகுதானா என்று எப்படி அறிவது? கிளம்பிச் சுமையில் நிற்பதும், சிறிது நேரம் விட்டால் மறுபடி கிளம்பி மறுபடி நிற்பதும் முதல் அடையாளம். நின்றிருக்கும் நேரத்தில் ஃபில்டர் வழியே கொஞ்சம் டீசல் கசிந்து சேர்கிறது. அது தீர்ந்ததும் பழைய கதை. அடுத்து, ஃபில்டரின் அடியிலிருந்து ஒளி ஊடுருவும் பாட்டிலில் கொஞ்சம் டீசலைப் பிடித்து, வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடேறியதும் கலங்கல் மறைந்து பழையபடி தெளிந்தால் அது மெழுகு. தெளியாமல் அடியில் தனித் துளிகள் சேர்ந்தால் அது தண்ணீர். ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து வழியை மூடியிருக்கலாம். ஃபில்டரைத் திறந்தால் மெழுகு, தாளின் மடிப்புகளில் வெளிர்மஞ்சள் பூச்சாகத் தெரியும். விரலில் எடுத்துத் தேய்த்தால் குழையும். கறுத்த பிசின்போல் இருந்து சூட்டிலும் கரையவில்லை என்றால் அது நீண்ட நாள் சேர்ந்த கசடு, அல்லது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்ப் படலம். அதற்குக் குளிரைக் குறை சொல்ல முடியாது.

மெழுகு என்று உறுதியானால், முதலில் சூடு தேவைப்படுவது ஃபில்டருக்கும் அதைச் சுற்றியுள்ள குழாய்களுக்கும். துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றுவது பாதுகாப்பான வழி. ஃபில்டர் தலையிலேயே மின்சூடேற்றி உள்ள வண்டிகளும், திரும்பும் சூடான டீசலில் ஒரு பகுதியை டேங்குக்கு அனுப்பாமல் ஃபில்டருக்கே திருப்பிவிடும் வால்வு உள்ள வண்டிகளும் இதையே தானாகச் செய்கின்றன. டேங்குக்குக் கீழே அடுப்பையோ தீப்பந்தத்தையோ வைப்பதை மலைச்சாலைகளில் காண முடியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எரிபொருள் ஆவி, காற்றுக்குழாய், அருகில் பிரேக் குழாய்கள், மேலே பல டன் சரக்கு; ஓர் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அவசரமான காரியம் எதுவும் அங்கே இல்லை. அப்படிச் சூடேற்றியும், அடைபட்ட ஃபில்டர் தள்ளியிருப்பதால் பெரும்பாலும் குளிர்ந்தே கிடக்கும்.

மெழுகு பிரிந்த பிறகு எதை ஊற்றினாலும் விரைவில் பலன் இல்லை என்பதுதான் இந்த விவகாரத்தில் பலர் அறியாத செய்தி. கடைகளில் கிடைக்கும் குளிர்காலச் சேர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்திலீன் வினைல் அசிட்டேட் போன்ற பாலிமர்கள்தான் பெரும்பாலும் அதன் உட்பொருள். படிகம் பிறக்கும் நேரத்தில் அவை அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பெரிய செதிலாக வளர விடாமல் ஏராளமான சிறு ஊசிகளாக ஆக்குகின்றன. ஊசிகள் ஃபில்டரில் படிந்தாலும் இடையிடையே வழி விடும். டீசல் ஊடே கசிந்து போகும். கலங்கும் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, அடைபடும் வெப்பநிலை மட்டும் கீழே போகிறது. படிகம் பிறக்கும்போது கூடவே இருந்தால்தான் இது நடக்கும். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட செதிலைக் கரைக்கும் திறன் அதற்குக் கிடையாது. ஆகவே சமவெளியிலேயே, டீசல் தெளிவாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போதே, பங்க்கில் நிரப்புவதற்கு முன் ஊற்ற வேண்டும். நிரப்பும் வேகத்தில் அதுவே கலந்துவிடும்.

லடாக்கில் விற்கும் குளிர்கால டீசலுக்கும் இதே விதி பொருந்தும். மெழுகு படிந்த சமவெளி டீசல் 200 லிட்டரின் மேல் 100 லிட்டர் நல்ல டீசலை ஊற்றினால், குளிரில் அடியில் கிடக்கும் மெழுகு உடனே கரைந்துவிடாது. உறிஞ்சு குழாய் முதலில் இழுப்பதும் அந்த அடிப்பகுதியைத்தான். போகும் திட்டம் முன்கூட்டியே தெரிந்தவர், கீழே டேங்கை நிரப்பாமல் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, டேங்க் பெரும்பாலும் காலியாக, வண்டி ஓடிய சூடு இருக்கும்போதே மேலே குளிர்கால டீசலை நிரப்புவது நல்லது. அதன் பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். ஃபில்டருக்குள் இருக்கும் பழைய டீசல் போய்ப் புதியது வந்துசேராமல் இரவுக்கு நிறுத்தினால், 300 லிட்டர் நல்ல டீசல் டேங்கில் இருக்க, ஃபில்டருக்குள் இருக்கும் ஒரு லிட்டர் பழைய டீசல் காலையில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவிடும்.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். அதில் நீண்ட சங்கிலிகள் குறைவு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் கலங்கும் வெப்பநிலை ஓரிரு டிகிரி இறங்கும். மைனஸ் 15ஐச் சமாளிக்க அது போதாது. போதுமான அளவு கலந்தால் வேறு கேடு வரும். பம்ப்பின் உள்ளுறுப்புகளுக்கு உயவாக இருப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த உயவு குறைவு, தேய்மானம் கூடும். ரேஷன் மண்ணெண்ணெயில் கந்தகம் மிகுதி, 10 பி.பி.எம். கந்தகத்துக்கு மேல் இல்லாத டீசலை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட பாரத் ஸ்டேஜ் 6 புகைச் சுத்திகரிப்பு அமைப்பை அது கெடுக்கும். சுத்திகரிப்பு ஆலையும் குளிர்கால டீசல் தயாரிக்கும்போது இலகுவான மண்ணெண்ணெய்ப் பகுதியைச் சேர்ப்பதுண்டு. ஆனால் ஆலை கந்தகத்தை நீக்கிய பிறகே சேர்க்கிறது, குறைந்த உயவைச் சேர்மானத்தால் ஈடுகட்டுகிறது, செட்டேன் எண்ணை அளந்து பார்த்து வெளியே விடுகிறது. சாலையோரத்தில் கேனிலிருந்து ஊற்றும்போது இவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. பெட்ரோல் கலப்பது இன்னும் மோசம். டேங்கின் மேல் பகுதியில் தீப்பற்றக்கூடிய ஆவி சேர்ந்துவிடும்.